நூறு கிராமுக்கு என்ன விலை?
பொட்டலங்களில் அலகு விலை அச்சிடும் முறை குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்

ஒரு பொருளின் விலையை அதன் அளவால் வகுத்தால் கிடைப்பது அலகு விலை. 250 கிராம் தேயிலை 140 ரூபாய் என்றால், 100 கிராமுக்கு 56 ரூபாய். அதே தேயிலை 100 கிராம் பொட்டலத்தில் 60 ரூபாய்க்கு விற்றால், பெரிய பொட்டலம் 100 கிராமுக்கு நான்கு ரூபாய் மலிவு. இரண்டு பொட்டலங்களின் மொத்த விலையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. அலகு விலை அச்சாகியிருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இந்தியாவில் இந்த எண்ணைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பது 1 ஜனவரி 2024 முதல் சட்டம். ஆனால் 100 கிராமுக்கு என்ன விலை என்று அச்சிடும்படி அந்தச் சட்டம் கேட்கவில்லை. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் ஒரு கிராமின் விலையையும், ஒரு கிலோவுக்கு மேற்பட்டதில் ஒரு கிலோவின் விலையையும் கேட்கிறது. அவையோரே, இவ்வுரையின் கருத்து ஒன்றே. அலகு விலையின் நோக்கம் சரியானது. கிராம் கணக்கில் அதை அச்சிடும் முறை அந்த நோக்கத்தைக் கெடுக்கிறது. மலிவான அன்றாடப் பொருட்களில் அது விலை வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. பொட்டலம் எந்த அளவில் இருந்தாலும் 100 கிராம் என்ற ஒரே அடிப்படையில் விலை அச்சானால் இந்தக் குறை நீங்கும். இதை ஏழு பகுதிகளாகக் காணலாம்.

1. அலகு விலை வந்த வழி

பொட்டலப் பொருட்களுக்கான இந்திய விதிகள் முதலில் 1977இல் வந்தன. எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி., 1990இல் அதில் சேர்ந்தது. பின்னர் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, அதன் கீழ் பொட்டலப் பொருட்கள் விதிகள் 2011இல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டில் இவற்றைத் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு கண்காணிக்கிறது.

2011ஆம் ஆண்டு விதிகளில் இரண்டாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. ரொட்டி, பிஸ்கட், தேயிலை, காப்பி, சமையல் எண்ணெய், உப்பு, மாவு, சோப்பு முதலிய பத்தொன்பது வகைப் பொருட்களை எந்தெந்த அளவுகளில் பொட்டலமிடலாம் என்று அது வரையறுத்தது. ரொட்டி என்றால் 100 கிராம், அதற்கு மேல் 100இன் மடங்குகள் மட்டுமே. அதனால் இரண்டு நிறுவனங்களின் ரொட்டிகள் ஒரே எடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; விலையை மட்டும் பார்த்தால் போதும். அலகு விலை தனியாகத் தேவைப்படவில்லை. அளவு நிலையாக இருந்ததே ஒப்பிடுவதற்குப் போதிய வசதியாக இருந்தது.

2021 நவம்பரில் வெளியான திருத்தம் அந்த அட்டவணையை நீக்கியது. உற்பத்தியாளர் இனி எந்த எடையிலும் பொட்டலமிடலாம். அதே திருத்தம்தான் அலகு விலையைக் கட்டாயமாக்கியது. இரண்டும் ஒரே அறிவிக்கையில் வந்தது தற்செயல் அல்ல. உற்பத்தியாளருக்கு எடையில் சுதந்திரம் தரப்பட்டது. அதற்கு ஈடாக வாங்குபவருக்கு ஒப்பிடும் எண் ஒன்று தரப்பட்டது. நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிவைக்கப்பட்டு, இறுதியில் 2024 தொடக்கத்தில் இரண்டாவது பாதியும் செயலுக்கு வந்தது. ஆகவே அலகு விலை சரியாக வேலை செய்யாவிட்டால், பழைய பாதுகாப்பு போய் அதற்கு ஈடும் கிடைக்காத நிலை ஏற்படும்.

2. இன்றைய விதி கேட்பது என்ன

விதியின் உள்ளடக்கம் எளிது. எடையால் விற்கும் பொருளில் ஒரு கிலோவுக்குக் குறைவானால் கிராமுக்கு, மேலானால் கிலோவுக்கு. திரவத்தில் ஒரு லிட்டருக்குக் குறைவானால் மில்லி லிட்டருக்கு, மேலானால் லிட்டருக்கு. நீளத்தால் விற்பதில் சென்டிமீட்டர், மீட்டர். எண்ணிக்கையால் விற்பதில் ஒன்றுக்கு. விலையை ரூபாயில், இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கி எழுத வேண்டும். பொட்டலத்தின் மொத்த விலையும் அலகு விலையும் ஒன்றாகவே இருந்தால், எடுத்துக்காட்டாகச் சரியாக ஒரு கிலோ கொண்ட பொட்டலத்தில், தனியாக அச்சிட வேண்டியதில்லை.

படிக்கும்போது இதில் குறை எதுவும் தென்படாது. குறை இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது. ஒன்று, கிராமுக்கு இரண்டு தசமம் என்ற துல்லிய அளவு. மற்றொன்று, ஒரு கிலோவில் அலகு மாறிவிடும் எல்லை.

3. ஒரு பைசா மறைக்கும் வேறுபாடு

ரூபாயில் இரண்டு தசமம் என்றால் ஒரு பைசா. கிராமுக்கு ஒரு பைசா என்பது கிலோவுக்குப் பத்து ரூபாய். ஆகவே கிலோவுக்குப் பத்து ரூபாய்க்கு உட்பட்ட வேறுபாடுகள் கிராம் கணக்கில் தெரியாமலே போகலாம்.

உப்பை எடுத்துக்கொள்ளலாம். 500 கிராம் உப்பு ஒன்று 13 ரூபாய், கிராமுக்கு 0.026, முழுமையாக்கினால் 0.03. இன்னொரு 500 கிராம் உப்பு 17 ரூபாய், கிராமுக்கு 0.034, முழுமையாக்கினால் அதுவும் 0.03. இரண்டாவது முதலாவதைவிட 31 விழுக்காடு விலை கூடியது. ஆனால் அலகு விலை இரண்டிலும் ஒன்றே. இந்த இரண்டும் ஒரே எடை என்பதால் வாங்குபவர் மொத்த விலையைப் பார்த்துத் தப்பிக்கலாம். எடைகள் வேறாக இருந்தால் அந்த வழியும் இல்லை.

இப்போது காப்பித்தூள். 200 கிராம் ஒன்று 150 ரூபாய், கிராமுக்கு 0.75. மற்றொன்று 152 ரூபாய், கிராமுக்கு 0.76. இங்கே ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடு அலகு விலையில் தெளிவாகத் தெரிகிறது.

காரணம் இதுதான். முழுமையாக்கலில் ஏற்படும் பிழை, பொருள் எதுவானாலும் கிராமுக்கு அரைப் பைசா வரை இருக்கும். கிலோ 1,000 ரூபாய் விலையுள்ள பொருளில் அது அரை விழுக்காடு, யாருக்கும் உறுத்தாது. கிலோ 200 ரூபாய்ப் பொருளில் இரண்டரை விழுக்காடு. கிலோ 30 ரூபாய்ப் பொருளில் பதினேழு விழுக்காடு வரை போகும். பொருள் மலிவாக ஆக, அலகு விலை மங்கலாகிறது. உப்பு, கோதுமை மாவு, ரவை, சர்க்கரை ஆகியவை எல்லா வீட்டிலும் தவறாமல் வாங்கப்படுபவை. குறைந்த வருமானமுள்ள குடும்பத்தின் மளிகைச் செலவில் இவற்றின் பங்கு அதிகம். யாருக்கு இந்த எண் அதிகம் பயன்பட வேண்டுமோ, அவர் வாங்கும் பொருளில்தான் அது குறைவாகப் பயன்படுகிறது.

தசம இடங்களைக் கூட்டி, கிராமுக்கு 0.0260 என்றும் 0.0340 என்றும் அச்சிட்டால் என்ன என்று கேட்கலாம். கணக்குச் சரியாகும், படிப்பவருக்குப் பயன் இல்லை. பைசா புழக்கத்திலிருந்து மறைந்த நாட்டில், பைசாவின் பின்னம் எந்தச் செலவையும் நினைவூட்டாது. 100 கிராமுக்கு 2.60, 3.40 என்றால் வேறுபாடு உடனே புரியும். அதே இரண்டு தசமம்தான். ஆனால் துல்லியம் நூறு மடங்கு கூடுகிறது. 100 கிராமுக்கு ஒரு பைசா என்பது கிலோவுக்குப் பத்துப் பைசா மட்டுமே. அச்சிடும் இடமும் கூடுவதில்லை, 0.03 என்பதற்கும் 2.60 என்பதற்கும் எழுத்தெண்ணிக்கை ஒன்றே.

4. ஒரு கிலோ என்னும் எல்லைக்கோடு

இரண்டாவது குறையைக் கோதுமை மாவுக் கணக்கு ஒன்றால் விளக்கலாம். கீழே உள்ள விலைகள் விளக்கத்துக்காக அமைத்தவை. ஒரே தரமுள்ள மாவு, ஐந்து பொட்டலங்கள்.

| நிகர எடை | எம்.ஆர்.பி. (ரூ.) | இன்றைய விதிப்படி அச்சாவது | 100 கிராமுக்கு (ரூ.) |
|---|---|---|---|
| 500 கிராம் | 34 | கிராமுக்கு 0.07 | 6.80 |
| 800 கிராம் | 58 | கிராமுக்கு 0.07 | 7.25 |
| 900 கிராம் | 59 | கிராமுக்கு 0.07 | 6.56 |
| 2 கிலோ | 118 | கிலோவுக்கு 59.00 | 5.90 |
| 5 கிலோ | 265 | கிலோவுக்கு 53.00 | 5.30 |

மூன்றாவது பத்தியில் முதல் மூன்று பொட்டலங்களும் ஒரே விலை. நான்காவது பத்தியில் அவற்றுக்குள் பத்து விழுக்காட்டுக்கும் மேல் வேறுபாடு. அதிலும் 800 கிராம் பொட்டலம் 500 கிராம் பொட்டலத்தைவிட விலை கூடியது. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்ற எண்ணம் பரவலானது. விலையாய்வாளர்கள் பல நாடுகளில் இதற்கு மாறான பொட்டலங்களைக் கடைகளில் கண்டிருக்கிறார்கள். அந்த எண்ணத்தை நம்பி 800 கிராமை எடுப்பவருக்கு, அது தவறு என்று காட்ட வேண்டிய எண் 0.07 என்று நின்றுவிடுகிறது. ஒரு வீட்டுக்கு மாதம் நான்கு கிலோ மாவு தேவை என்றால், 500 கிராமில் எட்டு வாங்கினால் 272 ரூபாய். 800 கிராமில் ஐந்து வாங்கினால் 290 ரூபாய். இரண்டு கிலோவில் இரண்டு வாங்கினால் 236 ரூபாய்.

அடுத்து, 900 கிராமையும் 2 கிலோவையும் ஒப்பிட வேண்டியவரின் கையில் இருப்பவை 0.07, 59.00 என்ற இரண்டு எண்கள். 0.07ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 70. ஆனால் உண்மையில் அது 65க்கும் 75க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். இங்கே 65.56. இரண்டு கிலோ வாங்கினால் கிலோவுக்கு ஆறரை ரூபாய் மிச்சமா, பதினாறு ரூபாய் மிச்சமா என்பதை அச்சான எண்ணிலிருந்து சொல்ல முடியாது. ஒப்பிடுவதற்காகவே வந்த எண், பொட்டலம் ஒரு கிலோவைத் தாண்டியதும் வேறு மொழியில் பேசத் தொடங்கிவிடுகிறது.

அலகு என்பது பொருளைப் பார்த்து அமைய வேண்டும். பொட்டலத்தைப் பார்த்து அல்ல. இதுவே இந்தப் பகுதியின் முடிவு.

5. பிற நாடுகளின் அனுபவம்

ஆஸ்திரேலியாவில் மளிகைப் பொருட்களுக்கான அலகு விலை நெறிமுறை 2009 டிசம்பர் முதல் பெரிய கடைகளுக்குக் கட்டாயமானது. அங்கே பொது அலகு 100 கிராம், 100 மில்லி லிட்டர். இறைச்சி, காய், கனி போன்ற சிலவற்றுக்குக் கிலோ. மிகச் சிறிய அளவில் வாங்கும் மசாலாப் பொருட்களுக்கு 10 கிராம். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை பொருளின் வகையைப் பொறுத்தவை. ஒரு வகைக்குள் பொட்டலம் சிறிதானாலும் பெரிதானாலும் அலகு மாறாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டு ஆணை கிலோவையும் லிட்டரையும் அடிப்படையாகக் கொண்டது. வழக்கத்தில் உள்ள வேறு ஓர் அளவைக் குறிப்பிட்ட பொருட்களுக்குத் தேர்ந்தெடுக்க உறுப்பு நாடுகளுக்கு இடம் தந்தது. ஜெர்மனி அந்த இடத்தைப் பயன்படுத்தி, 250 கிராம் வரையிலான பொட்டலங்களுக்கு 100 கிராம் விலையை அனுமதித்திருந்தது. விளைவு, ஒரே அடுக்கில் சிறு பொட்டலத்துக்கு 100 கிராம் விலையும் பெரிய பொட்டலத்துக்குக் கிலோ விலையும். 2022 மே மாதம் முதல் ஜெர்மனி அந்தச் சலுகையை நீக்கி, அனைத்துக்கும் கிலோ, லிட்டர் என்று ஒருமைப்படுத்தியது. பிரிட்டனின் போட்டி ஆணையமும் 2023இல் மளிகைக் கடைகளின் அலகு விலைகளை ஆராய்ந்து, ஒரே வகைப் பொருளுக்கு வெவ்வேறு அலகுகள் காட்டப்படுவதைக் குறையாகச் சுட்டியது.

ஜெர்மனி 100 கிராமைக் கைவிட்டது என்பது இவ்வுரையின் கருத்துக்கு எதிரானதாகத் தோன்றலாம். கூர்ந்து பார்த்தால் ஆதரவானது. அங்கே கைவிடப்பட்டது இரட்டை அலகு. கிலோ என்ற ஒரே அலகும் ஒப்பிடப் பயன்படும். முழுமையாக்கல் பிழையும் அதில் மிகச் சிறிது. இந்தியாவுக்கு 100 கிராம் கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணங்கள் உண்டு. இங்கே விற்கும் பிஸ்கட், தூள் வகைகள், நொறுக்குத்தீனி ஆகியவற்றின் பொட்டலங்கள் பெரும்பாலும் 50 முதல் 250 கிராம் வரை; 100 கிராம் விலை பொட்டலத்தின் விலைக்கு அருகில் நிற்கும். இரண்டாவதாக, உணவுப் பொட்டலங்களில் ஊட்டச்சத்து விவரம் ஏற்கெனவே 100 கிராமுக்கு அல்லது 100 மில்லி லிட்டருக்கு அச்சாகிறது. விலையும் அதே அடிப்படையில் வந்தால், ஒரு ரூபாய்க்கு எவ்வளவு புரதம் என்பதைக்கூட ஒரே பார்வையில் கணக்கிடலாம். மூன்றாவதாக, கிலோ விலை வேண்டுபவர் 100 கிராம் விலையைப் பத்தால் பெருக்கினால் போதும்.

அரிசியையும் பருப்பையும் மக்கள் கிலோ விலையில்தான் பேசுகிறார்கள். 25 கிலோ அரிசி மூட்டையில் 100 கிராம் விலையை அச்சிடுவது செயற்கையாகவே இருக்கும். ஆஸ்திரேலிய முறையில் இதற்கு வழி உண்டு. அரிசி, பருப்பு, சர்க்கரை ஆகியவற்றுக்கு எல்லாப் பொட்டலங்களிலும் கிலோ விலை என்று வகையை வைத்து வரையறுக்கலாம். அரை கிலோ பருப்பிலும் கிலோ விலையே இருக்கும்.

6. விலை மாறாமல் எடை குறையும்போது

இந்தியச் சந்தையில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்ற விலைகள் அசைக்க முடியாதவை. சில்லறை கொடுக்கல் வாங்கலுக்கு வசதி என்பதால் உற்பத்தியாளர் விலையை அப்படியே வைத்துவிட்டு, செலவு ஏறும்போது எடையைக் குறைக்கிறார். எடை அச்சாகியிருப்பதால் இது சட்ட மீறல் அல்ல. ஆனால் சென்ற மாதம் எடை எவ்வளவு இருந்தது என்பதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. விலையேற்றம் வெளிப்படும் ஒரே இடம் அலகு விலை.

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் 78 கிராமிலிருந்து 75 கிராமாகக் குறைகிறது என்று கொள்ளலாம். 100 கிராமுக்கு 12.82 ரூபாயாக இருந்தது 13.33 ஆகிறது, நான்கு விழுக்காடு ஏற்றம். கிராம் கணக்கில் 0.128, 0.133, முழுமையாக்கினால் இரண்டும் 0.13. உறையில் எடையைத் தவிர எதுவும் மாறவில்லை. இப்படிச் சிறு சிறு படிகளாகக் குறைத்தால், சில படிகள் அலகு விலையில் பதிவாகாமலே கடந்துபோகும்.

பிரான்ஸ் இதே சிக்கலுக்கு நேரடியான வழி ஒன்றைக் கையாண்டது. 2024 ஜூலை முதல், எடை குறைக்கப்பட்டு அலகு விலை கூடிய பொருளுக்கு அருகில், பழைய அளவு, புதிய அளவு, அலகு விலையில் ஏற்பட்ட உயர்வு ஆகியவற்றைப் பெரிய கடைகள் இரண்டு மாதங்களுக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்புக்கும் நம்பகமான அலகு விலையே அடிப்படை.

7. அச்சான எண்ணின் எல்லைகள்

100 கிராம் விலை வந்துவிட்டாலும் பொட்டலம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. நான்கு எல்லைகளை அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, அச்சாகும் அலகு விலை எம்.ஆர்.பி.யின் அடிப்படையில் கணக்கிடப்படுவது. கடைக்காரர் அதற்கு மேல் விற்கக் கூடாது, குறைத்து விற்கலாம். 500 கிராம் பருப்பின் எம்.ஆர்.பி. 95, ஒரு கிலோவின் எம்.ஆர்.பி. 180 என்றால், 100 கிராமுக்கு 19, 18, பெரியது மலிவு. கடையில் சிறியதை 82க்கும் பெரியதை 172க்கும் விற்றால், 16.40, 17.20, இப்போது சிறியது மலிவு. வரிசை தலைகீழாகிவிட்டது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அலகு விலை அடுக்கில் உள்ள விலைச் சீட்டில் இருப்பதால் அது உண்மையான விற்பனை விலையைக் காட்டுகிறது. தெருமுனை மளிகைக் கடையில் விலைச் சீட்டு ஒட்டிய அடுக்கு கிடையாது. பொருள் கடைக்காரர் கையிலிருந்து வருகிறது. அங்கே பொட்டலமே சரியான இடம். சூப்பர் மார்க்கெட்டுக்கு இரண்டும் வேண்டும். இணையக் கடையில் இன்னும் எளிது. அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் ருஸ்ஸோ 1977இல் வெளியிட்ட ஆய்வில், தனித்தனிச் சீட்டுகளைவிட அலகு விலைகளை ஒரே பட்டியலாகத் தொகுத்துக் காட்டியபோதுதான் மக்கள் அதிகம் மிச்சப்படுத்தினார்கள். இணையக் கடையில் 100 கிராம் விலைப்படி வரிசைப்படுத்தும் வசதி அந்தப் பட்டியலுக்கு இணையானது.

இரண்டாவது, எடையும் கனஅளவும். சமையல் எண்ணெய் சில உறைகளில் கிராமிலும் சிலவற்றில் மில்லி லிட்டரிலும் முதன்மையாகக் குறிக்கப்படுகிறது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். 850 கிராம் உறை 140 ரூபாய் என்றால் 100 கிராமுக்கு 16.47. ஒரு லிட்டர் உறை 148 ரூபாய் என்றால் 100 மில்லி லிட்டருக்கு 14.80. இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிட்டால் இரண்டாவது மிக மலிவாகத் தோன்றும். லிட்டரை எடையாக மாற்றினால் 100 கிராமுக்கு 16.26, வேறுபாடு இருபத்தொரு பைசா மட்டுமே. எண்ணெய்க்கு ஒரே அலகு என்று விதி வரையறுத்தால்தான் இந்தக் குழப்பம் தீரும்.

மூன்றாவது, நீரோடு விற்கும் பொருள். பாகில் இட்ட அன்னாசித் துண்டு டப்பாவில் நிகர எடையோடு, பாகை வடித்தபின் உள்ள எடையும் தரப்பட வேண்டும். 850 கிராம் டப்பாவில் வடித்த எடை 450 கிராம், விலை 135 ரூபாய். இன்னொன்றில் 800 கிராம், வடித்த எடை 520, விலை 145. நிகர எடைப்படி 100 கிராமுக்கு 15.88, 18.13, முதலாவது மலிவு. வடித்த எடைப்படி 30.00, 27.88, இரண்டாவதே மலிவு. ஐரோப்பிய ஆணை இத்தகைய பொருளுக்கு வடித்த எடையின் அலகு விலையைக் காட்டினால் போதும் என்கிறது. இந்திய விதியிலும் அப்படி ஒரு வரி சேர வேண்டும்.

நான்காவது, சிறு பொட்டலங்கள். 10 கிராம் அல்லது 10 மில்லி லிட்டருக்கு மேற்படாத பொட்டலங்களுக்கு இந்த விதிகள் பொருந்துவதில்லை. ஷாம்பு பாக்கெட் பெரும்பாலும் இந்த விலக்குக்குள் வந்துவிடுகிறது. பாக்கெட் ஷாம்புவை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ஒருவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அந்தச் சிறு உறையே இன்று நாடு முழுவதும் ஷாம்பு விற்பனையின் முக்கிய வடிவம். பாட்டிலைவிடப் பாக்கெட் மில்லி லிட்டர் கணக்கில் மலிவாக அமைவதும் உண்டு. ஆனால் விலக்கு இருப்பதால் ஒப்பீட்டின் ஒரு பக்கம் அச்சாவதே இல்லை. உறையில் இடம் குறைவு என்பது உண்மை. ஆயினும் விலையும் எடையும் அச்சாகும் உறையில் இன்னும் ஓர் எண்ணுக்கு இடம் காண முடியும்.

இவை தவிர, தரத்தைப் பற்றி அலகு விலை எதுவும் சொல்லாது. வீணாகும் அளவையும் சொல்லாது. ஐந்து கிலோ மாவு மலிவு என்றாலும், வண்டு பிடிக்குமுன் தீர்க்க முடியாத வீட்டுக்கு அது மலிவு அல்ல.

முடிவுரை

அவையோரே, இவ்வுரையின் பரிந்துரை விதியில் மூன்று மாற்றங்களைக் கோருகிறது. எடையால் விற்கும் மளிகைப் பொருளுக்கு 100 கிராம், திரவத்துக்கு 100 மில்லி லிட்டர் என்று பொட்டலத்தின் அளவைப் பொருட்படுத்தாமல் ஒரே அலகு வேண்டும். அரிசி போன்ற சில வகைகளுக்குக் கிலோ என்றால், அந்த வகை முழுவதற்கும் கிலோவாகவே இருக்க வேண்டும். விலைச் சீட்டு ஒட்டும் பெரிய கடைகளும் இணையக் கடைகளும் உண்மையான விற்பனை விலையிலிருந்து அலகு விலையைக் காட்ட வேண்டும். பாகிலோ நீரிலோ இட்ட பொருளுக்கு வடித்த எடையே கணக்காக வேண்டும்.

விதி மாறும்வரை வாங்குபவர் தாமே கணக்கிடலாம். விலையை 100ஆல் பெருக்கி, நிகர எடையின் கிராம் எண்ணால் வகுத்தால் 100 கிராம் விலை கிடைக்கும். 500 கிராமானால் விலையை ஐந்தால் வகுத்தால் போதும். 200 கிராமானால் இரண்டால். 250 கிராமானால் நான்கால் பெருக்கிப் பத்தால் வகுக்கலாம். அச்சான அலகு விலை சரிதானா என்று சோதிக்க, அதை நிகர எடையால் பெருக்கிப் பார்க்கலாம். வரும் தொகை எம்.ஆர்.பி.யோடு ஏறத்தாழப் பொருந்த வேண்டும். கிராமுக்கு அரைப் பைசா, அதாவது 800 கிராம் பொட்டலத்தில் நான்கு ரூபாய், என்ற அளவுக்கு மேல் வேறுபட்டால் அச்சில் பிழை இருக்கிறது. அதைத் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவுக்குப் புகாராக அனுப்பலாம்.